செக்லிஸ்ட்டை வாங்கிப் போனவர்கள் ஏன் திரும்பிப் பேசவில்லை?

கேள்வி: "திருகோணமலையில் சிறிய அளவில் கணக்கு எழுதிக் கொடுக்கும் வேலை தொடங்கியிருக்கிறேன். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கெஸ்ட் ஹவுஸ் நடத்துகிறவர்களைத்தான் வாடிக்கையாளராக எதிர்பார்க்கிறேன். 'கெஸ்ட் ஹவுஸ் கணக்கில் கவனிக்கவேண்டிய 38 விடயங்கள்' என்று ஒரு செக்லிஸ்ட் செய்து இலவசமாகக் கொடுத்தேன். 60 பேருக்கு மேல் வாங்கினார்கள், நன்றியும் சொன்னார்கள். அதற்குப் பிறகு ஒருவர்கூடப் பேசவில்லை. எதை மாற்றவேண்டும்?"

இதே ஊரில் இதே வேலையை 12 வருடமாகச் செய்கிறேன். தொடங்கிய காலத்தில் நானும் இப்படி ஒரு நீளமான செக்லிஸ்ட் செய்தேன். எல்லாரும் நல்லது என்று சொல்லி வாங்கிப் போனார்கள், யாரும் திரும்பி வரவில்லை. அதனால் உங்கள் தாளைப் பார்க்காமலே ஒன்றைச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். அதில் பிழையான விடயம் எதுவும் இல்லாமல் இருக்கலாம். ஆனால் வாசிக்கிறவர் பேனாவை எடுத்து எழுதுவதற்கு அதில் இடம் இல்லை. சரி, இல்லை என்று போடத்தான் இடம் இருக்கிறது.

சரி போடும் தாளைக் கையில் எடுக்கிறவர்களை நான் பார்த்தவரை இரண்டு வகை. ஒருவர் முப்பது சரி போட்டுவிட்டு, பரவாயில்லை, நாம் ஒழுங்காகத்தான் நடத்துகிறோம் என்று நிம்மதியாகத் தாளை மடித்து வைத்துவிடுவார். மற்றவருக்குப் பத்துச் சரிகூடத் தேறாது. அதைக் கொண்டுவந்து ஒரு கணக்காளரிடம் காட்ட அவருக்குக் கூச்சம். இரண்டு பேருக்கும் உங்களிடம் பேச ஒரு காரணம் கிடைக்கவில்லை. முதலாமவருக்குத் தேவை இல்லை, இரண்டாமவருக்கு மனம் இல்லை.

எனக்கு வேலை செய்தது வேறு மாதிரியான ஒரு தாள். வாசிக்கிறவர் தன்னுடைய சொந்த எண்களை எழுதவேண்டும். எழுதி முடித்ததும் தனக்கே தெரியாத ஓர் எண் அவர் கண்முன் வரவேண்டும். அந்த எண்ணைப் பார்த்ததும் "அப்போ நான் என்ன செய்யவேணும்?" என்ற கேள்வி அவருக்குத் தானாக எழவேண்டும். அந்தக் கேள்விக்குப் பதில் தாளில் இருக்காது, இருக்கவும் முடியாது, ஏனென்றால் அது ஆளுக்கு ஆள் மாறும். பேச்சு தொடங்கும் இடம் அதுதான்.

கெஸ்ட் ஹவுஸ்காரர்களுக்கு அந்த எண் எது? இதைக் கண்டுபிடிக்கத்தான் எனக்கு அதிக காலம் எடுத்தது. வரி, பதிவு, ஊழியர் சேமலாப நிதி என்று நான் முக்கியமாக நினைத்தவை எல்லாம் அவர்கள் தள்ளிப்போட விரும்பும் விடயங்கள். அவர்கள் தாங்களாகவே வாய்விட்டுக் கேட்கும் கேள்வி வேறு: "சீசனில அறை எல்லாம் நிறையுது, ஆனா கையில காசு நிக்குதில்லையே, ஏன்?" ஆகவே தாளின் தலைப்பு இப்படி ஆனது: ஒரு அறை ஒரு இரவு விற்றால் உங்கள் கையில் எவ்வளவு நிற்கும்? ஒரே பக்கம், ஏ4 அளவு. அதில் நிரப்பவேண்டிய கட்டங்கள் எட்டுத்தான்.

ஒரு உதாரணத்தை முழுதாகப் போட்டுக் காட்டுகிறேன். எண்களை விளங்குவதற்காகச் சுற்றி எடுத்திருக்கிறேன், சந்தை விலை என்று எடுக்கவேண்டாம். உப்புவெளியில் ஆறு அறை உள்ள ஓர் இடம் என்று வையுங்கள். புக்கிங் தளத்தில் போட்டிருக்கும் விலை ஓர் இரவுக்கு 12,000 ரூபா. தளத்தின் கமிஷன் 15 சதவீதம், அதாவது 1,800. (இது தளத்துக்குத் தளம் மாறும். அதனால் தாளில் நான் சதவீதத்தை அச்சடிப்பதில்லை, "உங்கள் கடைசி இன்வாய்ஸில் உள்ளபடி" என்று வெறும் கட்டம் விட்டிருக்கிறேன்.) மிச்சம் 10,200. இனி ஆள் வந்தால் மட்டும் ஆகும் செலவுகள். லோன்ட்ரி 600, கரண்ட் 900, இரண்டு பேருக்குக் காலைச் சாப்பாடு 1,400, அறை துப்புரவு செய்கிறவருக்கு 800, சவர்க்காரம், தண்ணீர்ப் போத்தல் போன்ற சில்லறைகள் 300. கூட்டினால் 4,000. கையில் நிற்பது 6,200.

இந்த இடத்திலேயே பலர் ஒரு கணம் நிறுத்திவிடுவார்கள். 12,000 என்று மனதில் இருந்த அறை 6,200 ஆகிவிட்டது. ஆனால் இதோடு நின்றால் அது வெறும் கவலையாகத்தான் இருக்கும், கேள்வியாக மாறாது. அதனால் கீழே இன்னும் ஒரு கட்டம். ஆள் வந்தாலும் வராவிட்டாலும் மாதம் ஆகும் செலவு எவ்வளவு? இந்த இடத்தில் வங்கித் தவணை 95,000, நிரந்தரமாக நிற்கும் ஒருவருக்குச் சம்பளம் 45,000, திருத்த வேலைக்கு ஒதுக்குவது 25,000, காப்புறுதி, அனுமதிக் கட்டணங்களின் மாதப் பங்கு 15,000, இன்டர்நெட்டும் போனும் 6,000. மொத்தம் 186,000. இதை 6,200 ஆல் வகுத்தால் 30. மாதம் 30 அறை இரவு விற்றால்தான் அந்த மாதம் கைக்கடன் இல்லாமல் போகும். ஆறு அறை, 30 நாள் என்றால் மொத்தம் 180 இரவு. அதில் 30 என்பது ஆடி, ஆவணியில் ஒன்றுமே இல்லை. மாரி தொடங்கிக் கடல் கொந்தளிக்கும் கார்த்திகையில் அது மலை.

இப்போது தாளின் கடைசி வரி. "விலையை 10 சதவீதம் குறைத்தால் இதே கணக்கை இன்னொரு முறை போட்டுப் பாருங்கள்" என்று மட்டும் இருக்கும். விலை 10,800. கமிஷன் போக 9,180. செலவு அதே 4,000, ஏனென்றால் லோன்ட்ரிக்காரர் உங்கள் டிஸ்கவுண்டைப் பார்த்துக் கூலியைக் குறைக்கமாட்டார். கையில் 5,180. 186,000 ஐ 5,180 ஆல் வகுத்தால் 35.9, அதாவது 36 இரவு. விலையில் 10 சதவீதம் குறைந்தது, விற்கவேண்டிய இரவுகள் 20 சதவீதம் கூடிவிட்டன. தளத்தில் "10 சதவீதம் குறைத்தால் மேலே காட்டுவோம்" என்று வரும் அறிவித்தலை யோசிக்காமல் அழுத்தியவர்களுக்கு இந்த வரி போதும். அன்று இரவே போன் எடுப்பார்கள்.

எடுத்து என்ன கேட்பார்கள்? "அப்போ டிஸ்கவுண்ட் போடக்கூடாதா?" இதற்கு ஒரே பதில் கிடையாது. முழு விலைக்கு 30 இரவு விற்கும் மாதத்தில் டிஸ்கவுண்டால் கூடுதலாக ஆறு இரவு வருமென்றால் நட்டமில்லை, அதற்கு மேல் வந்தால் லாபம், வராவிட்டால் நட்டம். வருமா என்பது அவருடைய போன வருடக் கொப்பியைப் பார்த்தால்தான் தெரியும். நேரே வரும் ஆளுக்குக் கமிஷன் இல்லாமல் 10,800 க்குக் கொடுத்தால் 6,800 கையில் நிற்கும், அது தளத்தில் முழு விலைக்கு விற்பதைவிடக் கூட. ஆனால் தளத்தோடு செய்த ஒப்பந்தத்தில் வெளியே விளம்பரப்படுத்தும் விலை பற்றி நிபந்தனை இருக்கலாம், அதை வாசிக்கவேண்டும். இப்படி ஒவ்வொன்றும் அவருடைய கொப்பிக்கும் அவருடைய ஒப்பந்தத்துக்கும்தான் போகிறது. ஒரு பொதுத் தாளால் அதற்கு மேல் போக முடியாது.

ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். வேண்டுமென்றே பாதியை மறைத்துவைத்து "மிச்சம் வேண்டுமென்றால் என்னோடு பேசுங்கள்" என்று செய்வது வேறு. அதை நான் ஒருபோதும் செய்யமாட்டேன், நீங்களும் செய்யவேண்டாம். திருகோணமலை சின்ன ஊர், அப்படிச் செய்தது இரண்டு வாரத்தில் எல்லாருக்கும் தெரிந்துவிடும். நான் வைத்திருக்கும் அளவுகோல் இது: தாளை வாங்கியவர் வாழ்நாளில் என்னோடு பேசாமலே போனாலும், அந்தத் தாளால் அவர் ஒரு முடிவையாவது முன்னைவிடத் தெளிவாக எடுத்திருக்கவேண்டும். மேலே சொன்ன தாள் அதைச் செய்கிறது. டிஸ்கவுண்ட் போட முன் ஒருமுறை வகுத்துப் பார்க்கும் பழக்கம் அவருக்கு வந்துவிடும், எனக்கு ஒரு சதம் தராவிட்டாலும்.

அடுத்தது சொற்கள். முதல் தடவை அச்சடித்தபோது நான் படித்த பாடத்தில் உள்ளபடி "மாறும் செலவு", "நிலையான செலவு" என்று போட்டேன். மூன்று உரிமையாளர்களிடம் கொடுத்து, பக்கத்தில் இருந்து, வாய் திறக்காமல் அவர்கள் நிரப்புவதைப் பார்த்தேன். மூன்று பேரின் பேனாவும் அதே இடத்தில் நின்றது. ஒருவர் சம்பளம் மாறுமா மாறாதா என்று கேட்டார், நியாயமான கேள்வி. பிறகு "ஆள் வந்தால் மட்டும் ஆகும் செலவு", "ஆள் வராவிட்டாலும் ஆகும் செலவு" என்று மாற்றினேன். அதற்குப் பிறகு அந்த இடத்தில் யாரும் நிற்கவில்லை. நீங்களும் அச்சடிக்க முன் மூன்று பேரிடம் இப்படிச் செய்து பாருங்கள். உதவி செய்யாதீர்கள், பேனா எங்கே நிற்கிறது என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடத்துக்குள் முடியாவிட்டால் கட்டங்கள் கூடிவிட்டன என்று அர்த்தம்.

பேனா நிற்கும் இன்னொரு இடம் கரண்ட். பல இடங்களில் வீட்டுக்கும் அறைகளுக்கும் ஒரே மீட்டர். ஓர் அறைக்கு ஓர் இரவு எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது, 500 என்றோ 1,000 என்றோ ஒரு எண்ணைப் போடுவார்கள். அதற்காக அந்தக் கட்டத்தின் அடியில் சின்ன எழுத்தில் ஒரு வழி சொல்லியிருக்கிறேன். ஒரே ஓர் அறையில் மட்டும் ஆள் இருக்கும் ஒரு நாளில் இரவு படுக்கப் போகும்போது மீட்டரை வாசியுங்கள், காலையில் எழும்பி மறுபடி வாசியுங்கள். யாரும் இல்லாத ஓர் இரவிலும் அதேபோலச் செய்யுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் அந்த அறை பிடித்த யூனிட். கடைசி பில்லில் உங்களுக்கு விழுந்த யூனிட் விலையால் பெருக்குங்கள். இது துல்லியமான அளவு இல்லை. வீட்டில் அன்றைக்கு இஸ்திரிப் பெட்டி போட்டிருந்தால் குழம்பிவிடும், யூனிட் கூடக்கூட விலையும் ஏறுவதால் சராசரி எடுப்பதிலும் பிழை வரும். ஆனாலும் குருட்டு எண்ணைவிட எவ்வளவோ மேல். ஏசி எவ்வளவு குடிக்கிறது என்று இதைச் செய்து பார்த்தவர்கள் எல்லாரும் என்னிடம் வந்து சொன்னார்கள், கேட்காமலே.

நிரப்பின தாளை வாங்கும்போது நீங்கள் தேடவேண்டிய பிழைகளும் உண்டு. வங்கித் தவணையை இரவுச் செலவிலும் மாதச் செலவிலும் இரண்டு தடவை போட்டிருப்பார்கள். வீட்டுச் சாப்பாட்டுச் சாமானை விருந்தினர் சாப்பாட்டோடு சேர்த்திருப்பார்கள். தங்கள் உழைப்புக்கு ஒரு ரூபாவும் எழுதியிருக்கமாட்டார்கள். கடைசியாகச் சொன்னதைத் தாளில் கட்டமாகப் போடலாமா என்று நிறைய யோசித்தேன். போட்டால் எண் நேர்மையாக வரும், ஆனால் பலர் அந்தக் கட்டத்தைப் பார்த்ததும் சிரித்துவிட்டுத் தாளை வைத்துவிடுகிறார்கள். அதை நேரில் பேசும்போது கேட்பதுதான் நல்லது என்று முடிவெடுத்தேன். இது சரியான முடிவா என்பதில் எனக்கு இன்னும் சந்தேகம் உண்டு.

வரியைத் தாளில் போடவேண்டாம். என்னுடைய பழைய செக்லிஸ்ட்டில் வற் வரி 15 சதவீதம் என்று இருந்தது. 2024 ஜனவரி 1 இல் அது 18 ஆனது. அந்தத் தாள் வாட்ஸ்அப்பில் அதற்குப் பிறகும் சுற்றிக்கொண்டே இருந்தது, அடியில் என் பெயரோடு. ஒருவர் அதை நம்பிக் கணக்குப் போட்டு வைத்திருந்ததை என் கண்ணால் பார்த்தேன். வெளியே விட்ட ஒரு தாளைத் திருப்பி எடுக்க முடியாது. அதனால் வருடா வருடம் மாறும் எதையும் அச்சடிக்காதீர்கள், அச்சடித்த மாதத்தையும் வருடத்தையும் மேல் மூலையில் பெரிதாகப் போடுங்கள்.

எந்த வடிவத்தில் கொடுப்பது? நீங்கள் கணினியில் வேலை செய்கிறவர், அதனால் கூகுள் ஷீட்டில் செய்யத் தோன்றும். நானும் செய்தேன். இணைப்பின் கடைசியில் உள்ள `/edit` என்பதை `/copy` என்று மாற்றி அனுப்பினால், திறக்கிறவருக்குத் தன் சொந்தப் பிரதி எடுக்கச் சொல்லிக் கேட்கும், உங்கள் மூலத் தாள் கெடாது. B2 இல் விலை, B3 இல் கமிஷன், B4 இலிருந்து B8 வரை அந்த ஐந்து செலவுகள், B10 இல் மாதச் செலவு என்று வைத்தால் இரண்டு சூத்திரம் போதும். முதலாவது B9 இல், கையில் நிற்பது. இரண்டாவது B11 இல், விற்கவேண்டிய இரவுகள்.

```
=B2*(1-B3)-SUM(B4:B8)
=ROUNDUP(B10/B9,0)
```

ஆனால் சொல்லவேண்டிய உண்மை என்னவென்றால், இந்த ஷீட்டை வாங்கினவர்களில் நிரப்பியவர்கள் மிகக் குறைவு. அவர்களிடம் இருப்பது போன். போனில் திருத்துவதற்குத் தனியாக ஒரு செயலி போடவேண்டும், கட்டங்கள் சின்னதாகத் தெரியும், விரல் தவறி சூத்திரத்தின் மேல் எழுதிவிடுவார்கள். கமிஷனை 15% என்று எழுதாமல் வெறும் 15 என்று எழுதினால் விடை பயங்கரமான மறை எண்ணாக வரும், அவர் பயந்துபோய் மூடிவிடுவார். கடைசியில் அச்சடித்த தாளுக்கே திரும்பினேன். பேனாவால் எழுதுவார்கள், போன் கல்குலேட்டரில் கழிப்பார்கள், ஒரு படம் எடுத்து அனுப்புவார்கள்.

அந்தப் படம்தான் எல்லாவற்றையும் மாற்றியது. தாளின் அடியில் ஒரே ஒரு வாக்கியம்: "நிரப்பி ஒரு படம் எடுத்து இந்த இலக்கத்துக்கு அனுப்புங்கள், கணக்குச் சரியா என்று பார்த்துச் சொல்கிறேன், காசு இல்லை." பக்கத்தில் ஒரு கியூஆர் குறி. அந்தக் குறிக்குள் இருப்பது வாட்ஸ்அப் இணைப்பு.

```
https://wa.me/94XXXXXXXXX?text=ROOM
```

94 க்குப் பிறகு உங்கள் இலக்கத்தை முன்னால் உள்ள 0 இல்லாமல், கூட்டல் குறியும் இடைவெளியும் இல்லாமல் எழுதவேண்டும். கடைசிச் சொல், அவர் திறந்ததும் தட்டச்சு இடத்தில் தயாராக இருக்கும், அவர் அனுப்பினால் போதும். உப்புவெளியில் கொடுத்த தாளுக்கு ஒரு சொல், நிலாவெளியில் கொடுத்ததற்கு வேறு சொல் என்று வைத்தால் யார் எங்கிருந்து வந்தார் என்று கேட்காமலே தெரியும். "ஆலோசனைக்குத் தொடர்புகொள்ளுங்கள்" என்று போட்டிருந்த காலத்தில் யாரும் தொடர்புகொள்ளவில்லை. ஆலோசனை என்ற சொல்லைக் கேட்டாலே எவ்வளவு கேட்பாரோ என்ற பயம் வருகிறது. கணக்குச் சரியா என்று கேட்பது எல்லாருக்கும் இலகு, பள்ளிக்கூடத்திலிருந்தே பழகின காரியம்.

படம் வந்ததும் நீங்கள் அனுப்பும் முதல் பதில் மிக முக்கியம். ஆறு அறை வைத்திருக்கும் ஓர் அக்கா ஒரு பங்குனி மாத இரவு பத்து மணிக்குப் படம் அனுப்பினார். தவணையை இரண்டு இடத்தில் போட்டிருந்தார். நான் எழுதினது இவ்வளவுதான்: "அக்கா, தாள் கிடைத்தது. வங்கித் தவணை மேலேயும் கீழேயும் இரண்டு தடவை வந்திருக்கிறது. மேலே உள்ளதை எடுத்துவிட்டால் ஓர் இரவுக்குக் கையில் நிற்பது கூடும், மாதம் விற்கவேண்டியது 41 இல்லை, 28 இரவுதான். போன வருடம் ஐப்பசி, கார்த்திகையில் எத்தனை இரவு போனது என்று ஞாபகம் இருக்கிறதா?" அவர் பதில் அடுத்த நாள் காலை வந்தது: "கொப்பியில பாக்கவேணும் தம்பி. நீங்க இந்தப் பக்கம் வந்தா காட்டுறன்."

நான் அனுப்பிய பதிலில் மூன்று விடயம் இருப்பதைக் கவனியுங்கள். சொன்னபடி கணக்கைச் சரிபார்த்துக் கொடுத்தேன், முழுதாக. பிழையைச் சொன்னபோது நல்ல செய்தியாகச் சொன்னேன், அது உண்மையில் நல்ல செய்திதான். கடைசியில் ஒரு கேள்வி, ஒன்றே ஒன்று, அதற்குப் பதில் அவருடைய கொப்பியில்தான் இருக்கிறது. என் கட்டணம், என் சேவைகள், நான் படித்த படிப்பு எதுவும் அதில் இல்லை. அவர் கேட்கும்வரை சொல்லவேண்டாம். கேட்டால் அந்த நிமிடமே தெளிவாக ஒரு தொகை சொல்லுங்கள், "பார்த்துச் செய்வோம்" என்று இழுக்காதீர்கள்.

மூன்று கேள்வி கேட்டால் என்ன என்று நினைக்கலாம். முதல் வருடம் நான் அப்படித்தான் கேட்டேன், பதில் வரவில்லை. மூன்று கேள்வியைப் பார்த்தால் அது ஒரு வேலை, பிறகு செய்வோம் என்று போனை வைத்துவிடுகிறார்கள்.

எப்போது கொடுப்பது என்பதிலும் நான் வருடங்களை வீணாக்கியிருக்கிறேன். நம் பக்கம் சீசன் சித்திரை, வைகாசியில் தொடங்கிப் புரட்டாதிவரை. ஆடியில் கொடுத்த தாள்கள் எல்லாம் வரவேற்பு மேசை லாச்சிக்குள் போய்விட்டன, அப்போது அவர்களுக்கு மூச்சுவிட நேரம் இல்லை. மார்கழியில் கொடுத்தால் மழை, மனம் சோர்ந்திருக்கும், வெறும் கடன் கணக்காகத்தான் தெரியும். மாசி நடுவிலிருந்து பங்குனி முடியும்வரை உள்ள ஆறு வாரம்தான் சரி. அப்போது சுவருக்குப் பெயின்ட் அடிப்பார்கள், ஏசி திருத்துவார்கள், தளத்தில் இந்த வருட விலையைப் போடுவார்கள். விலை போடும் நேரத்தில் விலை பற்றிய தாள் கையில் இருந்தால் அது பயன்படும்.

யார் மூலம் கொடுப்பது? பேஸ்புக் குழுக்களில் போட்டுப் பார்த்தேன். வாங்கினவர்களில் பாதிப்பேர் கெஸ்ட் ஹவுஸே நடத்தாதவர்கள், இன்னும் சிலர் நம்மைப் போன்ற கணக்குக்காரர்கள். உங்கள் 60 பேரில் எத்தனை பேர் உண்மையில் அறை வைத்திருப்பவர்கள் என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். எனக்கு நன்றாக வேலை செய்தது லோன்ட்ரிக்காரரும் ஏசி திருத்துகிறவரும். அவர்கள் எல்லா வாசலுக்கும் போகிறார்கள். துணி கொண்டுவந்து கொடுக்கும்போது பில்லோடு தாளையும் கொடுத்துவிடுவார். நான் பதிலுக்கு அவருடைய மாதக் கணக்கைப் பார்த்துக் கொடுத்தேன். தாளின் ஒரு பக்கம் தமிழ், மறு பக்கம் சிங்களம். நிலாவெளி வீதியில் பாதி இடங்களில் தாளை நிரப்புகிறவர் உரிமையாளர் இல்லை, சிங்களம் பேசும் மனேஜர். சிங்களப் பக்கத்தை மொழிபெயர்க்கக் கொடுத்துவிட்டு விடாதீர்கள், அதையும் மூன்று பேர் நிரப்பும்போது பக்கத்தில் இருந்து பாருங்கள்.

பலன் இருக்கிறதா என்று எப்படித் தெரியும்? கொப்பியில் நான்கு எண் வையுங்கள்: கொடுத்த தாள், படமாகத் திரும்பி வந்தது, என் பதிலுக்கு மறுபடி எழுதினவர், நேரில் இருந்து பேசினவர். எந்த இடத்தில் கூட்டம் கலைகிறதோ அந்த இடம்தான் பழுது. கொடுத்தது நிறைய, திரும்பி வந்தது இல்லை என்றால் தாளில் அல்லது கொடுத்த நேரத்தில் பிழை. படம் வருகிறது, அதன் பிறகு பேச்சு இல்லை என்றால் உங்கள் முதல் பதிலில் பிழை. பேசுகிறார்கள், வேலை தரவில்லை என்றால் அது தாளின் விடயமே இல்லை, கட்டணமோ, அவர் எதிர்பார்க்கும் வேலை உங்களுடையது இல்லையோ, அதைத் தனியாகப் பார்க்கவேண்டும். உங்களுக்கு முதல் படியிலேயே பூச்சியம். ஆகவே பதில் எழுதும் முறையைப் பற்றி இப்போது கவலைப்படத் தேவையில்லை, தாளை மாற்றுங்கள். ஒரு எச்சரிக்கை: எண்ணிக்கை சின்னது. நாற்பது தாளில் ஐந்து வந்தது, அடுத்த நாற்பதில் எட்டு வந்தது என்று இரண்டாவது தலைப்பு நல்லது என முடிவெடுக்க முடியாது. தலைப்பின் நிறத்தை மாற்றுவது, எழுத்தை மாற்றுவது போன்றவற்றில் நாளைச் செலவிடாதீர்கள்.

வாங்கிப்போய் அனுப்பாதவர்களுக்கு? பத்து நாள் கழித்து ஒரே ஒரு செய்தி, "அந்தத் தாளில் எந்த இடத்திலாவது நின்றுவிட்டதா?" என்று. அவ்வளவுதான், பிறகு விட்டுவிடுங்கள். வாட்ஸ்அப்பில் எல்லாருக்கும் ஒன்றாக அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியல், உங்கள் இலக்கத்தைத் தன் போனில் சேமித்தவர்களுக்கு மட்டும்தான் போய்ச்சேரும். பலர் இது தெரியாமல், அனுப்பினேன், யாரும் பார்க்கவில்லை என்று சோர்ந்துபோகிறார்கள். அதனால் தனித்தனியாக எழுதுங்கள். ஒருவர் அனுப்பிய படம் அவருடைய வருமானம். அதைக் கணக்குப் பார்த்து முடிந்ததும், வேலை தொடராவிட்டால், அழித்துவிட்டேன் என்று சொல்லி அழித்துவிடுங்கள். உதாரணம் காட்டக்கூட இன்னொருவருக்கு அனுப்பவேண்டாம்.

இவை எல்லாம் கெஸ்ட் ஹவுஸ்களோடு நான் கண்டவை. இரண்டு பலசரக்குக் கடைகளுக்கு இதே மாதிரித் தாள் செய்து கொடுத்தேன், சரிவரவில்லை. கடையில் ஆயிரம் சாமான், ஒரு சாமானுக்குக் கையில் எவ்வளவு நிற்கிறது என்று எழுதினால் அது எதையும் சொல்லாது. அறை விற்பவருக்கு விற்பனைப் பொருள் ஒன்றே ஒன்றாக இருப்பதால்தான் எட்டுக் கட்டத்துக்குள் விடை வருகிறது. நீங்கள் பிறகு உணவகங்கள் பக்கம் போகும் எண்ணம் இருந்தால் இந்தத் தாளை அப்படியே கொண்டுபோகாதீர்கள், அங்கே அவர்கள் வாய்விட்டுக் கேட்கும் கேள்வி எது என்று முதலில் நாலைந்து பேரிடம் இருந்து கேளுங்கள்.

அந்த அக்காவின் கொப்பியைப் போய்ப் பார்த்தேன். ஐப்பசியில் 19 இரவு, கார்த்திகையில் 11. இரண்டு மாதமும் 28 க்குக் கீழே. ஆவணியில் மட்டும் 120 க்கு மேல். டிஸ்கவுண்டைப் பற்றிப் பேசத்தான் போனேன், ஆனால் பேச்சு வேறு பக்கம் திரும்பியது. ஆவணிக் காசில் எவ்வளவை மாரிகாலத் தவணைக்கென்று தனிக் கணக்கில் ஒதுக்கவேண்டும் என்று பேசினோம். மாதா மாதம் அந்தக் கணக்கைப் பார்த்துச் சொல்ல எவ்வளவு எடுப்பீர்கள் என்று அவர் கேட்டது தேத்தண்ணி முடியும் நேரத்தில்.